72 மாதிரிகளா, 8 கிணறுகளா: ஆய்வுக் கட்டுரையை விரைவாக வாசிப்பது பற்றிய விவாதம்

வந்தாறுமூலை மாணவி:
இறுதி வருட ஆய்வுக்காக, கரையோர மணல் நிலத்துக் கிணறுகளில் நைத்திரேற்று என்ற தலைப்பில் இலக்கிய மீளாய்வு எழுதுகிறேன். அறுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் முழுமையாக வாசிக்க நேரம் போதாது. சுருக்கம், முறையியல், உருக்கள், ஆசிரியர்கள் தாமே சொல்லும் மட்டுப்பாடுகள் ஆகியவற்றில் எதை எந்த அளவுக்கு வாசித்தால் பிழையின்றி எழுதலாம்?

களுவாஞ்சிக்குடி வாசகன்:
தங்கச்சி, சுருக்கத்தையும் மட்டுப்பாடுகள் பற்றிய பந்தியையும் வாசித்தால் போதும். முறையியலைத் துறை அறிந்த மீளாய்வாளர்கள் ஏற்கெனவே பரிசோதித்த பிறகுதான் சஞ்சிகை கட்டுரையை வெளியிடுகிறது. அவர்கள் செய்த வேலையை நீங்கள் அறுபது தடவை திரும்பச் செய்ய வேண்டியதில்லை. கட்டுரையில் குறை இருந்தால் அதை மட்டுப்பாடுகளில் ஆசிரியர்களே எழுதியிருப்பார்கள்.

ஒலுவில் நீரியல்:
ஒரு கட்டுரை உங்கள் தலைப்புக்கு வேண்டாதது என்று ஒதுக்குவதற்குச் சுருக்கம் போதும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அறுபதில் கணிசமான பங்கு அப்படியே கழிந்துவிடும். ஆனால் ஒரு கட்டுரையின் முடிவை உங்கள் மீளாய்வில் எடுத்தாள்வதற்குச் சுருக்கம் போதாது. வாசகன் தம்பி சொன்னதில் நான் உடன்படாத இடம் அதுதான்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சுருக்கம் இப்படிச் சொல்கிறது: “72 நீர் மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன, பசளையிடும் வயல்களுக்கு அருகிலுள்ள கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 48 மில்லிகிராம், தொலைவில் உள்ளவற்றில் 36, வேறுபாடு தெளிவானது.” அடுத்து நேரே உருவுக்குச் செல்லுங்கள். இரண்டு சலாகைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வழுக்கோடு. அந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்பதை உருவின் கீழுள்ள குறிப்பில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் முறையியலின் கடைசியில், புள்ளிவிபரப் பகுப்பாய்வைச் சொல்லும் பந்தியில் இருக்கும். நியம விலகல் 12 என்றும், வழுக்கோடு காட்டுவது நியம வழுவை என்றும், அது 2 என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆசிரியர்கள் வயலுக்கு அருகு, தொலைவு என்ற ஒவ்வொரு பக்கத்துக்கும் 36 மாதிரிகளைக் கணக்கில் எடுத்து, 12ஐ 36இன் வர்க்கமூலமான 6ஆல் பிரித்திருக்கிறார்கள்.

இப்போது முறையியலுக்கு வாருங்கள். அதை முழுவதும் வாசிக்க வேண்டாம். எத்தனை கிணறுகள், எத்தனை தடவை மாதிரி எடுக்கப்பட்டது என்பதை மட்டும் தேடுங்கள். பக்கத்துக்கு 4 கிணறுகள், ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு ஒரு தடவையாக 9 வாரங்கள் என்று அங்கே இருக்கிறது. ஒரே கிணற்றில் அடுத்தடுத்த வாரங்களில் அள்ளிய நீர் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆகவே ஒன்பது தடவை அள்ளினாலும் வயலின் பாதிப்பைப் பற்றி அது தரும் சாட்சி ஒரு கிணற்றின் சாட்சியே. கிணறுகளையே எண்ணினால் 12ஐ 4இன் வர்க்கமூலமான 2ஆல் பிரிக்க வேண்டும். நியம வழு ஏறக்குறைய 6 ஆகிறது. 48இலிருந்து 6ஐக் கழித்தால் 42, 36உடன் 6ஐக் கூட்டினாலும் 42. விலகி நின்ற இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன. பக்கத்துக்கு நான்கே கிணறுகளை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைத் தெளிவானது என்று எழுத முடியாது.

இந்தப் பிழை புதிதல்ல. சூழலியல் களப் பரிசோதனைகளில் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைச் சூழலியலாளர் ஹேர்ல்பேர்ட் 1984ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதிக் காட்டினார். அந்தக் கட்டுரைகளும் மீளாய்வாளர்களின் கண்களைக் கடந்து வந்தவைதான்.

கல்முனை ஆய்வுகூடம்:
நான் நீர்ப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை செய்கிறேன். மாணவி கேட்டதற்கு இது நேரான பதில் அல்ல என்றாலும், உருவைப் பார்க்கும்போது அச்சில் உள்ள அலகையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலர் நைத்திரேற்று முழுவதையும் மில்லிகிராமில் தருகிறார்கள். சிலர் அதிலுள்ள நைதரசனை மட்டும் தருகிறார்கள். அச்சில் முதலாவது NO3 என்றும், இரண்டாவது NO3-N என்றும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு முதலாவது முறையில் லீற்றருக்கு 50, இரண்டாவது முறையில் ஏறத்தாழ 11. எங்களிடம் வந்த ஓர் அறிக்கையில், நைதரசனாக அளக்கப்பட்ட 15 என்ற பெறுமானத்தை 50உடன் ஒப்பிட்டு “பாதுகாப்பான நீர்” என்று எழுதியிருந்தார்கள். அதை 4.43ஆல் பெருக்கினால் 66 வருகிறது. அந்த வீட்டில் பாற்புட்டி குடிக்கும் குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு இன்றும் உண்டு.

களுவாஞ்சிக்குடி வாசகன்:
கிணறுகளின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், அண்ணா. ஆனாலும் மட்டுப்பாடுகளை நீங்கள் முற்றாகத் தள்ளிவிடுவது சரியல்ல. வறட்சியான மாதங்களில் மட்டுமே மாதிரி எடுத்தோம் என்று ஆசிரியர் நேர்மையாக எழுதியிருந்தால், அது மாணவிக்குப் பெரிய உதவி அல்லவா?

ஒலுவில் நீரியல்:
நான் அதைத் தள்ளவில்லை. கடைசியில் வாசிக்கச் சொல்கிறேன். முதலில் வாசித்தால் அவர்கள் சொன்ன குறை மட்டுமே உங்கள் மனதில் நிற்கும். உருவையும் முறையியலையும் பார்த்து நீங்கள் கண்ட குறையை ஒரு வரியில் எழுதிவிட்டு, அதன் பிறகு அவர்கள் எழுதியதை எடுத்துப் பாருங்கள். பல கட்டுரைகளில் அதற்குத் தனித் தலைப்பு இருக்காது. கலந்துரையாடலின் கடைசிப் பந்திகளில் ஒளிந்திருக்கும். கணினியில் Ctrl+F அழுத்தி limitation, caution என்ற சொற்களைத் தேடினால் பெரும்பாலும் அகப்படும்.

நீங்கள் சொன்ன வறட்சி மாதங்களின் மட்டுப்பாடு எங்கள் பகுதிக்கு மிகவும் கனமானது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்குப் பின் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. பெரும்போகத்துக்கு இட்ட பசளை மணலினூடாகக் கீழே கழுவப்படுவதும் அக்காலத்தில்தான். ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை அளந்தவர்கள் அந்த நிகழ்வைப் பார்க்கவே இல்லை. மட்டுப்பாட்டில் அதை ஒப்புக்கொண்ட அதே கட்டுரை, தன் கடைசி வசனத்தில் “ஆண்டு முழுவதும்” என்று முடிவு கூறியிருந்தால், நீங்கள் எடுத்தாள வேண்டியது மட்டுப்பாட்டையே, முடிவை அல்ல.

வந்தாறுமூலை மாணவி:
மிக்க நன்றி. எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, அண்ணா. என்னிடமுள்ள சில கட்டுரைகளில் மாதிரிகளின் எண்ணிக்கை மட்டுமே உள்ளது. எத்தனை கிணறுகள் என்பது எங்குமே இல்லை. அவற்றை விட்டுவிடலாமா?

ஒலுவில் நீரியல்:
முதலில் பிற்சேர்க்கைக் கோப்புகளையும், மாதிரி எடுத்த இடங்களைக் காட்டும் வரைபடத்தையும் பாருங்கள். வரைபடத்தில் உள்ள புள்ளிகளை எண்ணினாலே பல தடவைகளில் விடை கிடைத்துவிடும். அங்கும் இல்லையென்றால் கட்டுரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கிணறுகளின் எண்ணிக்கை தரப்படவில்லை என்பதை உங்கள் வசனத்திலேயே சொல்லுங்கள்.

கல்முனை ஆய்வுகூடம்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. எத்தனை கிணறுகள் என்றே சொல்லாத கட்டுரையின் இடைப்பெறுமானம் ஒரு தடவை மீளாய்வின் அட்டவணையில் ஏறிவிட்டால், அடுத்து வருபவர் உங்கள் வசனத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துச் செல்வார். அட்டவணைக்குள் அதை விட வேண்டாம்.

ஒலுவில் நீரியல்:
அப்படி நீக்கினால், ஒரு பிரதேசத்தைப் பற்றி இருக்கும் ஒரே அளவீடும் சில வேளைகளில் மறைந்துவிடும். தங்கச்சி, அட்டவணையில் கிணறுகளின் எண்ணிக்கைக்குத் தனி நிரல் ஒன்று வைத்து, அதை வெறுமையாக விட்டு, உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள். தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் முதற்பக்கத்திலேயே இருக்கும். எத்தனை கிணறுகள் என்று அவரிடம் கேட்டு இன்றே எழுதிவிடுங்கள்.