மேற்கோள் எங்கிருந்து வந்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தேவகோட்டைப் பேத்தி
கோயில் கும்பாபிஷேக மலருக்காக எங்க ஐயாவோட நோட்டுகளைத் தட்டச்சு செய்துகிட்டிருக்கேன். ஒரு உடன்படிக்கையிலிருந்து நாலு வரி எடுத்து எழுதியிருக்காங்க. மேலே "விக்கிரம வருஷம் ஆவணி 12". கீழே "பெட்டகத்துச் சாசனம்". அவ்வளவுதான். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் அந்த வரியில் பேனாவை வைத்து, "ஆச்சி, இது 1880ஆ, 1940ஆ?" என்று கேட்டார். வாயடைத்து நின்னேன். பங்காளிகள் பிரிந்தபோது பெட்டகம் யார் வீட்டுக்குப் போச்சுன்னே தெரியலை. அந்தப் பேனா முனை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது.

கோட்டையூர் நூலகர் (ஓய்வு)
சாசனத்தில் பெரும்பாலும் கிழமையும் எழுதியிருப்பார்கள். ஐயா நகலெடுத்தபோது அதை விட்டிருக்கலாம். அது இருந்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். அறுபது வருஷத்துக்கு 21,915 நாளும் கொஞ்சமும் ஆகும். ஏழால் வகுத்தால் ஐந்து மிஞ்சும். ஆகவே அதே மாதத்து அதே தேதி அடுத்த விக்கிரமத்தில் ஐந்தாறு கிழமை தள்ளித்தான் விழும், ஒரே கிழமையில் விழாது. நோட்டில் வேறெங்காவது கிழமையோ நட்சத்திரமோ இருக்கிறதா, பாருங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஓர் ஆய்வு மாணவர் தாளில் "கோட்டையூர், ரோஜா முத்தையா சேகரிப்பு" என்று மட்டும் குறித்த மேற்கோளோடு வந்தார். அவருடைய ஆசிரியர் பல வருஷம் முன்பு எழுதிக் கொடுத்தது. முத்தையா செட்டியார் 1992இல் காலமானார். புத்தகங்கள் சென்னைக்குப் போய், 1994 முதல் அங்கே நூலகமாக இருக்கின்றன. ஊர்ப்பெயரை வைத்து எந்தப் புத்தகத்தைத் தேடுவது? அந்தப் பையன் முகம் வாடியதை மறக்க முடியவில்லை.

அதனால் இருக்குமிடம் கடைசிக் குறிப்புதான். முதலில் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடியே ஆசிரியர் பெயர், நூற்பெயர், எத்தனையாம் பதிப்பு, அச்சுக்கூடம், வருஷம். மறுபதிப்பில் பக்கம் மாறும், எனவே பதிப்பை விட்டால் பக்க எண்ணால் பயனில்லை. பழைய நூலில் பக்கம் ௭௨ என்று இருந்தால் அப்படியே எழுதி, பக்கத்தில் 72 போடுங்கள். ௭ என்பதை எ எழுத்தாகப் படித்துவிடுவார்கள். நூலின் வாசகத்தை மேற்கோள் குறிக்குள், அதன் எழுத்துப்பிழையோடு எழுதுங்கள். உங்கள் கருத்துக்கு வேறு மை. இந்த நூலாசிரியர் வேறொருவரை எடுத்தாண்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் யாரோ சொன்னது அவர் பெயரில் ஏறிவிடும்.

செக்காலை ரோடு
இவ்வளவு எழுதுறதுக்குள்ள நூலகத்தையே பூட்டிடுவாங்க சார். செல்போனில் படம் எடுத்தா தேதி, நேரம் எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கு. நான் அப்படித்தான் செய்றேன்.

பள்ளத்தூர் மாமா
தம்பி, பாதிதான் சரி. கையெழுத்தில் பிழை வரும், படத்தில் எழுத்து மாறாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரமும் பழைய கோப்புப் பெயரும் போய்விடும். என் மருமகள் அனுப்பிய படத்தில் ஒரு பத்தி மட்டும், பக்க எண் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. எந்த நூல் என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், பிறகு பக்க எண் தெரிய மேற்கோள் பக்கம். இந்த வரிசையில் எடுத்து, வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே குறிப்பில் சேருங்கள்.

பிடிஎஃப் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. ஒருவர் கட்டுரையில் பக்கம் 96 என்று இருந்தது. அச்சு நூலில் அது 80ஆம் பக்கம். அட்டை, முன்னுரை எல்லாம் சேர்த்துத் திரை எண்ணியிருக்கிறது. நூலை விரித்து வைத்துக்கொண்டு இல்லாத வரியைத் தேடினேன். இரண்டு எண்ணையும் எழுதி, எது எது என்று சொல்லிவையுங்கள்.

கானாடுகாத்தான்
எங்க வீட்டு ரங்கூன் கணக்குப் புத்தகத்தை ராமபாணப்பூச்சி அரிக்குது. வேப்பிலை போட்டா போதுமா?

கோட்டையூர் நூலகர் (ஓய்வு)
அது தனிப் பேச்சு. ஆனால் கையில் எடுக்கிறபோது எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று இப்போதே எழுதிவிடுங்கள். நாளைக்கு அந்தப் பக்கமே இருக்காது.

தேவகோட்டைப் பேத்தி
நோட்டு முழுக்கப் பார்த்தாச்சு, கிழமை கிடைக்கலை. மலர் அச்சுக்குப் போகுது. "விக்கிரம வருஷம்" என்று மட்டும் போடவா, இரண்டு ஆங்கில வருஷத்தையும் போடவா?

பள்ளத்தூர் மாமா
இரண்டையும் போடம்மா. அடிக்குறிப்பில் "ஐயாவின் நோட்டு வழி, மூலம் பார்க்கவில்லை" என்றும் சேர்.

கோட்டையூர் நூலகர் (ஓய்வு)
நான் இதை ஒப்ப மாட்டேன். அடிக்குறிப்பு சரி. ஆனால் மலரில் 1880, 1940 என்று அச்சேறினால், அடுத்து எழுதுபவர் தனக்குப் பிடித்த ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார். விக்கிரமம் என்று உள்ளபடியே விடுங்கள்.

செக்காலை ரோடு
அப்படின்னா படிக்கிறவங்களுக்கு எந்தக் காலம்னே தெரியாதே சார்?