மன்னிப்பு வந்துவிட்டது, விஷயம் வரவில்லை

நண்பர்களே, ஒரு பதிலை எழுதி முடிக்க உதவுங்கள்.

நான் வங்கியில் ஓய்வூதியப் பிரிவில் வேலை பார்த்தவன். தபால் துறையில் ஓய்வு பெற்ற தூரத்து மாமா ஒருவர் மூன்று நாட்களாக வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். "மாப்பிள்ளை, உங்கள் நேரத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. முடியாவிட்டால் பரவாயில்லை." எது முடியாவிட்டால்? அதுதான் இல்லை.

"சொல்லுங்கள் மாமா" என்றேன். அதற்கும் ஒரு மன்னிப்பு வந்தது! "என்ன விஷயம்?" என்று மட்டும் கேட்டால் அதட்டுவது போல் இருக்கும்.

நவம்பர் என்பதால் வாழ்நாள் சான்றிதழாக இருக்கலாம். மாதம் முடிவதற்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வரை ஓய்வூதியம் நின்றுவிடும். அதனால் காத்திருக்கவும் பயமாக இருக்கிறது. ஒருவேளை கைமாற்று கேட்க நினைக்கிறாரோ?

இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "மாமா, தொந்தரவே இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன். வாழ்நாள் சான்றிதழா, பணமா, உடம்புக்கு ஏதாவதா? ஒரே ஒரு சொல் அனுப்புங்கள், நானே அழைக்கிறேன்."

இதில் 'பணமா' என்பதை விட்டுவைக்கலாமா? அதுதான் விஷயம் என்றால் அவருக்குச் சொல்வது எளிதாகும். இல்லையென்றால் மனிதர் புண்பட்டு, மறுபடியும் மன்னிப்பிலிருந்து தொடங்குவார்.