ஒரே கல், மூன்று விடை: மீட்டர் அளவுகோல் சோதனையில் நடந்த கூத்து

கல்லைத் தொங்கவிட்டவன்:
திருப்புத்திறன் சோதனை. மர அளவுகோலை 50 செ.மீ. கோட்டில் நூல் கட்டி ஸ்டாண்டில் தொங்கவிட்டேன். இடது பக்கம் 100 கிராம், வலது பக்கம் நிறை தெரியாத கல். கோல் கிடைமட்டமாக நிற்கும்வரை கல்லை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான் வேலை.

100 கிராமை நூலிலிருந்து 30 செ.மீ. தள்ளி வைத்தபோது கல் 39.0 செ.மீ.யில் நின்றது. விடை 76.9 கிராம். 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் கல் 25.7-இல், விடை 77.8. 10 செ.மீ.க்கு வந்தால் கல் 12.4-இல், விடை 80.6. ஆசிரியர் அதே கல்லை மின்னணுத் தராசில் வைத்தார். 75.0 என்று காட்டியது. மூன்றையும் சராசரி எடுத்து எழுதிவிட்டேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

கடைசி பெஞ்ச்:
எனக்கு நடந்திருக்கிறது. எடைத்தாங்கியின் நிறையைச் சேர்க்க மறந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன்.

ஆய்வக அக்கா:
அது நல்ல சந்தேகம்தான், ஆனால் இங்கே பொருந்தாது. தாங்கியை விட்டிருந்தால் இடது பக்கம் உண்மையில் 100-க்கு மேல் இருந்திருக்கும், அதனால் விடை 75-க்குக் கீழே வந்திருக்கும். அதோடு மூன்று விடையும் ஒரே அளவில்தான் குறைந்திருக்கும். இவருக்கு விடை கூடுகிறது, அதுவும் தூரம் குறையக் குறையக் கூடுகிறது. அந்தப் போக்குதான் துப்பு.

எடை எதுவும் இல்லாமல் வெறும் கோலை மட்டும் தொங்கவிட்டுப் பார்த்தீர்களா? ஒரு முனை தேய்ந்திருந்தால் ஈர்ப்பு மையம் 50-இல் இருக்காது. வலது பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால் அந்தக் கனமும் கல்லோடு சேர்ந்து இழுக்கும். எடைகள் தள்ளியிருக்கும்போது அந்த இழுவை பெரிதாகத் தெரியாது. நூலுக்குப் பக்கத்தில் வந்தால் அதே இழுவை விடையைக் கெடுத்துவிடும்.

உங்கள் கணக்கிலேயே பாருங்கள். 30-இல் வைத்ததையும் 10-இல் வைத்ததையும் கழியுங்கள். 100 கிராம் நகர்ந்தது 20 செ.மீ., கல் நகர்ந்தது 26.6 செ.மீ. 2000-ஐ 26.6-ஆல் வகுத்தால் 75.2. கோலின் கனம் இரண்டு முறையும் ஒன்றுதான், அதனால் கழித்தலில் காணாமல் போய்விடுகிறது.

சும்மா வந்தவர்:
கோலின் நிறை வேண்டுமா? அதற்கு நூலை 30-ஆவது கோட்டுக்கு மாற்றி, குட்டைப் பக்கத்தில் 100 கிராம் தொங்கவிட்டாலே கிடைத்துவிடும். நான் அப்படித்தான் செய்தேன்.

ஆய்வக அக்கா:
இவர் கேட்டது கல்லின் நிறையை. ஆனால் கோலின் நிறை தெரிந்தால் இங்கேயும் பயன்படும், எடுத்து வையுங்கள்.

கடைசி பெஞ்ச்:
சரி, தாங்கியை விடுங்கள். கோல் கொஞ்சம் சாய்ந்திருந்தால்? எங்கள் மின்விசிறி கோலை ஆட்டிக்கொண்டே இருந்தது. 89-ஆ, 89.3-ஆ என்று நண்பனோடு சண்டையே வந்தது.

ஆய்வக அக்கா:
விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். நூல் கண்ணி தடிமனாக இருந்தால் அதன் நடுவைப் படியுங்கள், ஓரத்தை அல்ல. தூரம் 12 செ.மீ. அளவில் இருக்கும்போது 2 மி.மீ. பிசகினாலே ஒரு கிராமுக்கு மேல் மாறிவிடும். சாய்வைப் பொறுத்தவரை, கோலின் மையத்துக்கு மேலே நூல் பிடித்திருந்தால் இரண்டு பக்கமும் சமமில்லாதபோதும் அது கொஞ்சம் சாய்ந்தபடி ஓய்ந்து நிற்கும். நின்றுவிட்டது என்பதற்காகச் சமநிலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு முனையும் மேசையிலிருந்து ஒரே உயரமா என்று அளந்து பாருங்கள்.

கல்லைத் தொங்கவிட்டவன்:
இன்று ஆய்வகத்தில் வெறும் கோலைத் தொங்கவிட்டேன். 50.6-இல்தான் சமமாக நின்றது! கோலின் நிறை 120 கிராம். 0.6 செ.மீ. தள்ளி 120 கிராம் என்றால் 72. அன்று 30 செ.மீ.யில் வந்த 3000-இல் இதைக் கழித்து 39-ஆல் வகுத்தேன், 75.1.

அப்புறம் நூலை 50.6-க்கு மாற்றி மறுபடி செய்தேன். முதல் தடவை தூரத்தை 50-இலிருந்தே கணக்கிட்டுத் தொலைத்தேன். நூல் இருக்கும் இடத்திலிருந்து எண்ணிய பிறகுதான் எல்லாம் 75-க்குப் பக்கத்தில் வந்தது.

பழைய வாத்தியார்:
நாங்கள் நூலை நகர்த்த மாட்டோம். லேசான பக்கத்தில் துளிக் களிமண் ஒட்டி 50-இலேயே சமன் செய்வோம். கழித்தல் எளிது, பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

ஆய்வக அக்கா:
ஐயா, எங்கள் ஆய்வகத்தில் அந்தக் களிமண் பாதிச் சோதனையில் விழுந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து நான் நூலைத்தான் நகர்த்துகிறேன்.

பழைய வாத்தியார்:
அழுத்தி ஒட்டியிருக்க வேண்டும், அம்மா.