புதுப்பிப்பு: கலியாணப் படங்களுக்கு எந்தக் கிளவுட் மலிவு

"ஒரு டெராபைட், 2 இலட்சம் படம். பேக்கப்புக்கு எது மலிவு?"

இப்படிக் கேட்ட கிளிநொச்சி ஸ்டூடியோவுக்கான கணக்கு இது. மாத வாடகை மட்டும் என்றால், அடிக்கடி எடுக்காத கோப்புகளை வைக்கும் அமேசானின் டீப் ஆர்கைவ்தான்: அமெரிக்க வட்டார விலையில் 1 டொலர். இன்னொரு கிளவுட் நிறுவனமான பேக்பிளேஸ், நான் கணக்குப் போட்ட விலையில் 6. "அப்ப முடிஞ்சுது" என்றார் மாங்குளத்து அண்ணை.

முடியவில்லை. அமேசானில் ஏற்றும்போது ஆயிரம் கோப்புக்கு 5 சதம், மொத்தம் 10 டொலர். வவுனியா அக்கா சொன்னபடி ஒவ்வொரு கலியாணத்தையும் பல படங்களைச் சேர்த்துக் கட்டும் ஒரே tar கோப்பாக்கினால் அது சில சதம்தான்.

பெரிய அடி இறக்கும்போது. அமேசானில் மாதம் 100 ஜிபி இலவசம், மிச்சத்துக்கு ஜிபிக்கு 9 சதம். ஹார்ட் டிஸ்க் செத்து எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எடுத்தால் 81 டொலர், மலிவான மீட்புக்கு இன்னும் இரண்டரை. பேக்பிளேஸில் சேமித்ததின் மூன்று மடங்கு வரை இறக்குவது இலவசம். இரண்டுக்கும் மாத வாடகையில் 5 டொலர் வித்தியாசம். ஆகவே சுமார் 17 மாதத்துக்குள் ஒருமுறை முழுதாய் இறக்க நேர்ந்தால் பேக்பிளேஸ்தான் மலிவு.

ஒரு கலியாணம் மட்டும் என்றால் இலவச எல்லைக்குள் அடங்கும். ஆனால் அமேசானின் மலிவு மீட்புக்கு 48 மணிநேரம் வரை காத்திருக்க வேணும்; ஸ்டூடியோக்காரர் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.