வருமானம் கூடியது, வந்தவர்கள் குறைந்தார்கள்: எங்கள் பார்லரின் இரண்டு நவம்பர்கள்

கோவையில் பெண்கள் பார்லர் நடத்துபவர்:
2024 நவம்பரில் எங்கள் பார்லரில் 402 பில்கள், மொத்தம் 2,50,000 ரூபாய். 2025 நவம்பரில் 356 பில்கள், மொத்தம் 3,00,000 ரூபாய். ஒரு வருகைக்கான சராசரி பில் 622-இலிருந்து 843 ஆனதைக் கண்டு, இரண்டாவது கிளைக்கு இடம் பார்க்கக்கூடத் தொடங்கிவிட்டேன். கணக்கு எழுதும் என் தங்கைதான் மணப்பெண் அலங்காரத்தைத் தனியே எடுத்துப் பார்க்கச் சொன்னாள். முதல் ஆண்டில் இரண்டு மணப்பெண்கள் 30,000 ரூபாயும், அடுத்த ஆண்டில் ஆறு பேர் 90,000 ரூபாயும் தந்திருந்தார்கள். அவர்களை நீக்கியபின் எஞ்சியவை முன்பு 400 பில்கள், 2,20,000 ரூபாய். இப்போது 350 பில்கள், 2,10,000 ரூபாய். அதாவது சராசரி 550-இலிருந்து 600 ஆகியிருக்கிறது. ஆனால் ஜூன் மாதம் எல்லாச் சேவைகளுக்கும் பத்து விழுக்காடு விலை ஏற்றியிருந்தேன் என்பதால், பழைய வாடிக்கையாளர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தாலே 605 வந்திருக்க வேண்டும்.

அதன்பின் பில்லில் உள்ள கைபேசி எண்களை வைத்து, அக்டோபரில் வந்தவர்களில் எத்தனை பேர் 45 நாட்களுக்குள் மீண்டும் வந்தார்கள் என்று எண்ணினேன். 2024-இல் 300 பேரில் 165 பேர் வந்திருந்தார்கள். 2025-இல் 280 பேரில் 126 பேர்தான். 55 விழுக்காடு 45 ஆகியிருந்தது.

சேலத்திலிருந்து ஒருவர்:
இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, சகோதரி. குறைந்த கூட்டம், கூடுதல் வருமானம் என்றால் ஊழியர்களுக்கும் சுமை குறைவுதானே? நான் சராசரி பில்லை மட்டும்தான் பார்க்கிறேன்.

கோவையில் பெண்கள் பார்லர் நடத்துபவர்:
கூடிய வருமானம் முழுவதும் முகூர்த்தத்தால் வந்தது, அண்ணா. ஆடி மாதத்தில் மணப்பெண் வரமாட்டாள்; அப்போது வாடகையைத் தருவது புருவம் திருத்தவும் முடிக்கு நிறம் பூசவும் வருகிறவர்கள்தான்.

நாகர்கோவிலில் ஆண்களுக்கான முடிதிருத்தகம் வைத்திருப்பவர்:
எங்கள் கடையில் யாரும் முன்பதிவு செய்வதில்லை. வருகிறவர் பெஞ்சில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக் காத்திருப்பார். பில்லும் கிடையாது. ஆகவே வந்தவர் மீண்டும் வருவதை எண்ணும் இந்த ரீபுக்கிங் கணக்கு என்பது செயலி வைத்திருக்கும் பெரிய கடைகளுக்கான பேச்சு என்றே நினைக்கிறேன்.

சென்னையில் இரண்டு சலூன்கள் நடத்தும் அம்மையார்:
ஐயா, முன்பதிவு இல்லாத கடையிலும் திரும்பி வருவதை எண்ணலாம். ஒரு நோட்டில் எண்ணும் தேதியும் எழுதினாலே போதும். கோவைச் சகோதரிக்கு இரண்டு செய்திகள். முதலாவது, எல்லோருக்கும் ஒரே 45 நாள் எல்லை பொருந்தாது. புருவம் திருத்துகிறவர் மூன்று, நான்கு வாரங்களிலும், நரை மறைக்க வேர்முடிக்கு நிறம் பூசுகிறவர் நான்கு முதல் ஆறு வாரங்களிலும் வர வேண்டியவர்கள். ஸ்மூத்தனிங் செய்தவர் பல மாதங்கள் கழித்துத்தான் அதற்கென வருவார். அவரை இழந்தவராகக் கணக்கிட்டால் உங்கள் விகிதம் வீணாகக் குறையும். இரண்டாவது, உங்கள் தொகைகள் வரி நீங்கலானவையா? 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆனபோது, என் மென்பொருளில் 1,180 ரூபாயாக இருந்த பில் 1,050 ஆகத் தெரிந்தது. சராசரி சரிந்துவிட்டது என்று மேலாளரைத் தேவையின்றிக் கடிந்துகொண்டேன். (உள்ளீட்டு வரி வரவு நின்றுபோனதால் செலவு கூடியது வேறு கதை.)

கோவையில் பெண்கள் பார்லர் நடத்துபவர்:
வரியைக் கழித்த தொகைகள்தான், அம்மா. நீங்கள் சொன்னபடி சேவைவாரியாகப் பிரிக்க உட்கார்ந்தபோது, ஊழியர்வாரியாகவும் பிரித்துப் பார்த்தேன். அக்டோபர் இறுதியில் ஓர் ஊழியர் விலகி, அருகிலேயே வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். 280 பேரில் அவர் கையில் வேலை செய்துகொண்டவர்கள் 60 பேர். அவர்களில் மீண்டும் வந்தவர்கள் 12 பேர் மட்டுமே. மற்ற 220 பேரில் 114 பேர் வந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 52 விழுக்காடு. வீழ்ச்சியின் பெரும்பகுதி அவருடன் போனதுதான் என்றாலும், மீதிக்கு விலையேற்றம் காரணமா என்பது தெரியவில்லை.

மதுரையிலிருந்து ஒருவர்:
தீபாவளியையும் சேர்த்துப் பாருங்கள். 2024-இல் அது அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பண்டிகைக்கு மட்டும் வரும் கூட்டம் இரு ஆண்டுகளிலும் அக்டோபரில் விழுந்தாலும், அதன் அளவு ஒன்றாக இருந்திருக்காது. எங்களிடம் இன்னொரு குழப்பமும் உண்டு: தாயும் மகளும் ஒரே எண்ணில், ஒரே பில்லில் வருவார்கள். அதனால் சராசரி உயர்ந்தும், ஆள் எண்ணிக்கை குறைந்தும் தெரியும்.

சென்னையில் இரண்டு சலூன்கள் நடத்தும் அம்மையார்:
பில் ஒன்றே இருக்கட்டும். பெயர்கள் இரண்டாக இருக்க வேண்டும். சகோதரி, கிளம்பும்போதே அடுத்த தேதியைக் குறித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். வாடிக்கையாளர்கள் விலகியது உங்களுக்கு 45 நாட்கள் கழித்துத் தெரிந்தது. இது அன்றே தெரியும்.

கோவையில் பெண்கள் பார்லர் நடத்துபவர்:
ஜனவரியில் நிறம் பூசிக்கொண்ட 40 பேரிடம் மட்டும் கேட்டுப் பார்த்தோம். 14 பேர் தேதி குறித்தார்கள். அவர்களில் 11 பேர் அந்த வாரத்திலேயே வந்தார்கள். இப்படிக் கேட்காவிட்டாலும் அந்த 11 பேர் வந்திருப்பார்களோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. இரண்டாவது கிளைக்குத் தரவிருந்த முன்பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.