ஆறு ஃபேனுக்கு 45 கிலோவாட் டிரைவா?

அம்பை நெல்லுக்காரன்:
அம்பாசமுத்திரம் பக்கம் ரைஸ்மில் வைத்திருக்கிறோம். நெல் கொட்டகையில் காற்றடிக்கிற ஃபேன் ஆறு. ஒவ்வொன்றும் 2 ஹெச்.பி., நேம்பிளேட்டில் 415 வோல்ட், 3.5 ஆம்பியர். ஆறையும் ஒரே டிரைவில் போட்டு, ஈரத்துக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஆசை. பார்க்க வந்த பேனல்காரர், ஆறும் ஒன்றாக ஸ்டார்ட் ஆனால் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், 45 கிலோவாட் டிரைவ் வேண்டும் என்கிறார். தனித்தனி ஓவர்லோட் ரிலே தேவையில்லை, டிரைவே பார்த்துக்கொள்ளுமாம். கார் அறுவடைக்குள் முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்?

கங்கைகொண்டான் ஷிப்ட்:
வாங்க வேண்டியதை வேண்டாம் என்கிறார், வேண்டாததை வாங்கச் சொல்கிறார். இரண்டையும் தலைகீழாகச் சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும்.

டிரைவைக் கிலோவாட் பார்த்து வாங்காதீர்கள் தம்பி, ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். ஆறு மூன்றரை இருபத்தொன்று. பத்து சதவீதம் சேர்த்தால் 23 சொச்சம். 11 கிலோவாட் டிரைவ் சாதாரணமாக 24 ஆம்பியர் பக்கம் கொடுக்கும், போதும். V/f மோடில் வையுங்கள், ஆட்டோ டியூன் பக்கமே போகாதீர்கள். அது ஒரு மோட்டாரை அளந்து பழகுகிற வேலை. ஆறு மோட்டாரை ஒன்றாகக் கட்டிவைத்து அளந்தால் வருகிற கணக்கு எதற்கும் உதவாது.

பேட்டை வைண்டிங்:
இருபத்தேழு வருடமாக மோட்டார் கட்டுகிறேன். ஸ்டார்ட்டிங்கில் ஆறு மடங்கு என்பது என் அப்பா காலத்திலிருந்தே உண்டு. 21 ஆறு 126. டிரைவ் வந்துவிட்டதால் மோட்டாருக்குப் புத்தி மாறிவிட்டதா? பேனல்காரர் சொன்னதில் என்ன தப்பு?

கங்கைகொண்டான் ஷிப்ட்:
மோட்டாருக்குப் புத்தி மாறவில்லை அண்ணாச்சி, கொடுக்கிற சப்ளை மாறியிருக்கிறது. நேராக லைனில் போட்டால் உள்ளே ஃபீல்டு எடுத்த எடுப்பில் 1500 ஆர்.பி.எம்.மில் சுற்றும், ரோட்டர் அசையாமல் நிற்கும். அந்த வித்தியாசத்துக்குத்தான் ஆறு மடங்கு. டிரைவ் 1 ஹெர்ட்ஸ், 2 ஹெர்ட்ஸ் என்று மெதுவாக ஏற்றும்போது ஃபீல்டே முப்பது, அறுபது ஆர்.பி.எம்.மில்தான் நகரும். ரோட்டர் கூடவே வந்துவிடும். ஆறு மோட்டாரும் முதலிலேயே டிரைவில் இணைந்திருந்து, பூஜ்ஜியத்திலிருந்து சேர்ந்து ஏறினால் 126 எங்கிருந்து வரும்?

பேட்டை வைண்டிங்:
எங்கிருந்து வருமா? போன வருடம் ஒரு செங்கல் சூளையில் நாலு புளோயரை ஒரே டிரைவில் போட்டிருந்தார்கள். நானே டாங் டெஸ்டர் மாட்டிப் பார்த்தேன். ஓடும்போது 14, ஸ்டார்ட்டில் 30 தாண்டிப் போய் டிரிப். கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறீர்களா? ஆறு மடங்கு ஆறு மடங்குதான்.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
14 எங்கே, 30 எங்கே. இதில் ஆறு மடங்கு எங்கே இருக்கிறது? இரண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ராம்ப் டைம் எத்தனை செகண்ட் வைத்திருந்தார்கள் என்று பார்த்தீர்களா?

பேட்டை வைண்டிங்:
அதெல்லாம் எனக்கு எதற்கு? மோட்டார் எரிந்தால்தான் என்னிடம் வரும்.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
அதுதான் விஷயம். புளோயர் இறக்கை கனம், அதை இரண்டு மூன்று செகண்டில் முழு வேகத்துக்கு இழுக்கச் சொன்னால் கரண்ட் ஏறத்தான் செய்யும். ரோட்டர் பின்தங்குகிறது, டிரைவ் விரட்டுகிறது. அதையே முப்பது செகண்ட் ஆக்கியிருந்தால் உங்கள் டாங் டெஸ்டர் 14-ஐத் தாண்ட யோசித்திருக்கும். அம்பைத் தம்பி, உங்கள் ஃபேனுக்கும் முப்பதிலிருந்தே ஆரம்பியுங்கள். நெல் ஓடிப்போகாது.

ஆலங்குளம் கிணறு:
நல்ல விஷயம் பேசுகிறீர்கள். என்னிடம் 1.5 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், கெபாசிட்டர் வைத்தது, இரண்டு இருக்கிறது. ஒன்று கிணற்றில், ஒன்று தொட்டியில். இரண்டையும் இப்படி ஒரே டிரைவில் போடலாமா? மானியம் உண்டா?

பாளை பாலிடெக்னிக்:
கேள்வி கேட்டவர் ரிலே பற்றியும் கேட்டிருக்கிறார். ஆறு மடங்கிலேயே நிற்காமல் அதையும் சொல்லுங்கள். டிரைவிலேயே மோட்டார் ஓவர்லோட் புரொட்டெக்ஷன் உண்டே, அப்புறம் எதற்குத் தனி ரிலே? பாடத்தில் அப்படித்தான் படித்தேன்.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
ஒரு டிரைவுக்கு ஒரு மோட்டார் என்றால் பாடம் சரி. இங்கே டிரைவுக்குத் தெரிவது மொத்தம் மட்டும். ஒரு ஃபேனில் பேரிங் இறுகி 3.5-க்குப் பதில் 7 இழுக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 21 என்பது 24.5 ஆகும். 24 ஆம்பியர் டிரைவ் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது, வெகுநேரம் சும்மா ஓடும். அதற்குள் அந்த மோட்டார் அண்ணாச்சி கடைக்கு வந்து சேரும்.

சிங்கிள் பேஸிங் இன்னும் மோசம். ஆறில் ஒன்றுக்கு ஒரு வயர் டெர்மினலில் கழன்றால், அந்தப் பேஸில் மற்ற ஐந்தும் சேர்ந்து 17.5 ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவுட்புட் பேஸ் போய்விட்டதா என்று டிரைவ் பார்க்கும், 17.5 தெரியும், திருப்தியாகிவிடும். எரிகிற மோட்டார் எரியும். அதனால் மோட்டாருக்கு ஒரு ரிலே, அதன் நேம்பிளேட் ஆம்பியருக்கே செட் செய்தது, கட்டாயம்.

பேட்டை வைண்டிங்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ரிலே வேண்டும். ஆனால் ரிலே போட்டும் எரிந்த மோட்டார் என்னிடம் வந்திருக்கிறது, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? திருப்பிக் கொண்டுபோய்ப் பார்த்தால் ரிலே டிரிப் ஆகித்தான் இருக்கிறது, பட்டன் வெளியே நிற்கிறது. மோட்டார் கரியாகக் கிடக்கிறது.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
ரிலேயின் 95, 96 முனைகளில் வயர் இருந்ததா?

பேட்டை வைண்டிங்:
இல்லை.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
அப்புறம்? தெர்மல் ரிலே பவரை வெட்டாது. 95, 96-ஐத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதை யாராவது டிரைவின் எக்ஸ்டர்னல் ஃபால்ட்டுக்கோ கான்டாக்டர் காயிலுக்கோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ரிலேயை மட்டும் வரிசையாக மாட்டி அழகு பார்க்கிற பேனல்கள் நம் பக்கம் நிறைய.

பேட்டை வைண்டிங்:
பேனலைப் பற்றிப் பேசினால் பேனல்காரரிடம் பேசுங்கள். டிரைவ் வந்த பிறகுதான் மோட்டார் அதிகம் எரிகிறது, அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள்.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
எரிகிறது. பாதி, பழைய வைண்டிங்கை மட்டமான இன்சுலேஷன் போட்டுக் கட்டித் தருவதால். டிரைவ் தருகிற வோல்டேஜ் துடிப்பை அது தாங்காது. நீங்கள் என்ன வார்னிஷ் போடுகிறீர்கள் என்று நான் கேட்டேனா?

பேட்டை வைண்டிங்:
கேளுங்களேன். தைரியமாகச் சொல்வேன். எங்கள் கடையில் கட்டின மோட்டார் இன்றைக்கும் சேரன்மகாதேவியில் மூன்று இடத்தில் ஓடுகிறது.

கேபிள் காசி:
ஒரு விஷயம். ஆறு ஃபேனுக்கும் தனித்தனி கேபிள் என்றால் எல்லா நீளத்தையும் கூட்டித்தான் டிரைவின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று 40 மீட்டர் என்றால் மொத்தம் 240. ரிலே காரணமே இல்லாமல் டிரிப் ஆனால், கேரியர் ஃப்ரீக்வென்சியைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் அவுட்புட் சோக் போட வேண்டும்.

அம்பை நெல்லுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ஒரு ரிலே டிரிப் ஆனால் ஆறும் நிற்க வேண்டுமா? ஈர நெல் குவியலாகக் கிடக்கும்போது காற்று நின்றால் சூடேறிவிடும், அரிசி மஞ்சளாகிவிடும். அந்த ஒன்று மட்டும் நின்றால் நல்லது.

பேட்டை வைண்டிங்:
ஒவ்வொன்றுக்கும் ஒரு கான்டாக்டர் போடு தம்பி. ரிலே அடித்தால் அந்தக் கான்டாக்டர் மட்டும் விழும், மற்ற ஐந்தும் ஓடும். பிறகு ரிலேயை அமுக்கிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
விழுவது வரை சரி. ஓட்டத்தில் வெட்டினால் அந்தக் கான்டாக்டருக்கும் டிரைவுக்கும் நல்லதில்லைதான், இருந்தாலும் மற்ற ஐந்தும் இணைந்திருப்பதால் சின்ன மோட்டார் ஒன்று விலகுவதை டிரைவ் பெரும்பாலும் தாங்கும். சில மேனுவலில் கூடவே கூடாது என்றிருக்கும், வாங்குகிற டிரைவின் மேனுவலைப் பாருங்கள்.

ஆனால் திரும்பப் போடுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் அண்ணாச்சியின் ஆறு மடங்கு உண்மையாகவே வரும். டிரைவ் 50 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது, நின்ற மோட்டார் திடீரென்று சேர்கிறது. முழு வேகத்தில் போகிற பஸ்ஸில் தாவி ஏறுகிற கதை. அந்த ஒன்றுக்கு 3.5 ஆறு 21, மற்ற ஐந்துக்கு 17.5, மொத்தம் 38.5. 24 ஆம்பியர் டிரைவ் ஒன்றரை மடங்கு ஒரு நிமிடம் தாங்கும் வகை என்றாலும் 36-தான். அடித்துவிடும், ஆறும் நிற்கும். ஃபேனுக்கென்று விற்கிற, பத்து சதவீதம் மட்டுமே கூடுதலாகத் தாங்கும் வகை என்றால் கேட்கவே வேண்டாம்.

பேட்டை வைண்டிங்:
ஆக, ஆறு மடங்கு உண்டு! முதலிலிருந்து இதைத்தானே சொல்கிறேன்.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
ஒரு மோட்டாருக்கு, அதுவும் பாதியில் ஏறினால். நீங்கள் சொன்னது ஆறுக்கும், ஆரம்பத்திலேயே. 38.5-உம் 126-உம் உங்கள் கடையில் ஒரே விலையா?

பேட்டை வைண்டிங்:
ஆறு மடங்கு இல்லவே இல்லை என்றீர்கள். மேலே போய்ப் படியுங்கள்.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
நான் எழுதியதை நானே படிக்க வேண்டியதில்லை. “சேர்ந்து ஏறினால்” என்றுதான் எழுதினேன்.

பாளை பாலிடெக்னிக்:
அப்படியானால் 15 கிலோவாட் போட்டால் போகிறது. 32 ஆம்பியர், ஒன்றரை மடங்கு 48. 38.5 அதற்குள் அடங்கிவிடும். 45 வேண்டாம், ஒரு சைஸ் மேலே போதும்.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
போடலாம். ஆனால் எதற்கு? திரும்பச் சேர்க்கும்போது மட்டும் டிரைவை நிறுத்தி, ஃபேன் எல்லாம் சுற்றுவது ஓயும்வரை பொறுத்து, ஆறையும் சேர்த்து ஏற்றினால் 11-ஏ போதும். ஐந்து நிமிடம் காற்று நின்றால் எந்த நெல்லும் சூடேறாது.

பேட்டை வைண்டிங்:
ராத்திரி இரண்டு மணிக்கு மில்லில் இருக்கிற ஆள் நிறுத்தி, பொறுத்து, சேர்த்து ஏற்றுவானா? பட்டனை அமுக்குவான். ஆலையில் வேலை பார்த்தால் ஊரில் எல்லோரும் இன்ஜினியர் என்ற நினைப்பு.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
டிரைவ் ஓடும்போது அந்தக் கான்டாக்டர் விழுந்தால் மறுபடி எடுக்காதபடி இன்டர்லாக் போட ஒரு ரிலே போதும். அதைப் போடத் தெரியாதவர்தான் 45 கிலோவாட் விற்பார்.

அம்பை நெல்லுக்காரன்:
பேனல்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். “ஆறு மடங்கு உண்டு என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறாரே” என்கிறார். இப்போது 37 கிலோவாட் போதுமாம்.

கங்கைகொண்டான் ஷிப்ட்:
இன்னும் நாலு பதிவு போட்டால் 11-க்கு வந்துவிடுவார்.

பேட்டை வைண்டிங்:
அவர் அனுபவஸ்தர்.

ஆலங்குளம் கிணறு:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கெபாசிட்டரைக் கழற்றிவிட்டுப் போடலாமா?