அட்டவணையை மறைச்சிட்டுக் கேட்டாலும் பதில் வருதுன்னா அது என்ன கேள்வி?

தண்டையார்பேட்டை டீச்சர்

பதினொன்னாம் வகுப்புக்குப் பொருளாதாரம், தமிழ் வழி. அட்டவணை கொடுத்துக் கேள்வி தயாரிக்கிறவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. நான் என்னுடையதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மக்கள்தொகைப் பாடத்துக்கு வெளியிலிருந்து ஒரு வினாத்தாள் கைக்கு வந்தது. அதில் இந்த அட்டவணை, கோடிக் கணக்கில்:

| ஆண்டு | இந்திய மக்கள்தொகை |
|---|---|
| 1971 | 54.82 |
| 1981 | 68.33 |
| 1991 | 84.64 |
| 2001 | 102.87 |
| 2011 | 121.09 |

கீழே மூணு கேள்வி. 2011-ல் மக்கள்தொகை எவ்வளவு? மக்கள்தொகை கூடியதா, குறைந்ததா? மக்கள்தொகைப் பெருக்கத்துக்கான காரணங்களை எழுதுக.

எனக்குச் சந்தேகம் வந்து, பாதி வகுப்புக்கு அட்டவணையோட தாளும், மீதிப் பேருக்கு அட்டவணையை வெட்டி எடுத்துட்ட தாளும் கொடுத்தேன். முதல் கேள்வியில் மட்டும்தான் வித்தியாசம். மூணாவதுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பதில்: கல்வியறிவின்மை, இளவயதுத் திருமணம், இறப்பு விகிதம் குறைந்தது. எல்லாம் புத்தகத்து வரி. அட்டவணைக்கு அங்க வேலையே இல்ல. அப்போ இதே அஞ்சு வரியை வெச்சு வேற என்னதான் கேட்கலாம்?

பெரம்பூர், ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்

நல்ல சோதனை செய்திருக்கிறீர்கள் அம்மா. நான் கேள்வி எழுதும்போது செய்வது இதற்கு நேர் எதிர். கேள்வியை முதலில் யோசிப்பதில்லை. பென்சிலை எடுத்து அட்டவணையின் ஓரத்தில் கழித்தும் வகுத்தும் பார்ப்பேன். எண்களுக்குள் ஏதாவது ஒளிந்திருந்தால்தான் அந்த அட்டவணையை எடுத்துக்கொள்வேன், இல்லையென்றால் வேறு அட்டவணை.

உங்களுடையதில் ஒன்று ஒளிந்திருக்கிறது. 1991-லிருந்து 2001-க்குள் கூடியவர்கள் 18.23 கோடி. 2001-லிருந்து 2011-க்குள் 18.22 கோடி. ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் வளர்ச்சி வீதம் முதல் பத்தாண்டில் 21.5 சதவீதம், அடுத்ததில் 17.7. ஒரே அளவு கூடியும் வீதம் ஏன் இவ்வளவு இறங்கியது? வகுக்கிற எண் 84.64-லிருந்து 102.87 ஆகிவிட்டது. இந்தக் காரணம் எந்தப் பாடவரியிலும் இல்லை, அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே கேள்வி இப்படி: "கடைசி இரண்டு பத்தாண்டுகளில் கூடிய மக்கள் எண்ணிக்கையைக் கணக்கிடுக. இரண்டிலும் வளர்ச்சி வீதம் ஒன்றா? வேறுபட்டால், அதற்கான காரணத்தை அட்டவணையிலிருந்தே காட்டுக."

ஒரு மதிப்பெண் கேள்வியாக வேண்டுமென்றால் 2001–2011 வீதத்தை மட்டும் கேட்டு நான்கு விடை கொடுங்கள். அந்தத் தப்பான விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. 15.0 என்று ஒன்று: அது பழைய எண்ணால் வகுக்காமல் 121.09-ஆல் வகுத்த பிள்ளைக்கு வருவது. 18.2 என்று ஒன்று: கூடிய கோடியையே சதவீதம் என்று நினைத்த பிள்ளைக்கு. 21.5 என்று ஒன்று: வரிசை மாறிப் படித்தவனுக்கு. சரியான விடை 17.7. தாள் திருத்தும்போது யார் எங்கே சறுக்கினார்கள் என்று தாளே சொல்லிவிடும்.

வண்ணாரப்பேட்டை கோச்சிங்

சார், டேட்டா இன்டர்பிரட்டேஷன்தானே? பேங்க் எக்ஸாமுக்கு நான் பத்து வருஷமா எடுக்கிறேன். இவ்வளவு மெனக்கெட வேணாம். 18.22-ஐ 102.87-ஆல வகுக்கிறதுக்கு 18-ஐ 100-ஆல வகுத்தா 18, கொஞ்சம் கம்மி பண்ணு, ஆப்ஷன்ல 17.7 இருக்கா, டிக் அடி, அடுத்ததுக்குப் போ. முப்பது செகண்ட் வேலை. பசங்களுக்கு மொதல்ல பின்னம்–சதவீத டேபிளை மனப்பாடம் பண்ண வைங்க.

தண்டையார்பேட்டை டீச்சர்

சார், நான் கேட்டது கேள்வி எழுதுறதைப் பத்தி, வேகமா விடை போடுறதைப் பத்தி இல்ல. ஆனா உங்க வழியில் ஒரு உபயோகம் இருக்கு. பெரம்பூர் சார் சொன்ன நாலு விடையில் 18.2-ம் 17.7-ம் பக்கத்துப் பக்கத்துல நிக்குது. தோராயமா போடுற பிள்ளை புரிஞ்சிருந்தும் 18.2-ஐத் தொட்டுடும்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்

உண்மைதான். கால்குலேட்டர் இல்லாத தேர்வில் அந்த 18.2-ஐ எடுத்துவிட்டு வேறு போடலாம். அல்லது வீதத்தை எண்ணாகக் கேட்காமல், எந்தப் பின்னம் சரி என்று கேட்கலாம்.

வியாசர்பாடி டியூஷன்

நான் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறவன். என் அனுபவத்துல பசங்களுக்கு ரெண்டு தசமம்தான் எமன். அதனால நான் எப்பவும் ஒரு தசமத்துக்கு மாத்திடுவேன்: 84.6, 102.9, 121.1. அப்புறம் அடுத்த கேள்வியா, "ஆண்டுக்கு எவ்வளவு வளர்ச்சி?"ன்னு கேட்பேன். 17.7-ஐப் பத்தால வகுத்தா 1.77. கேள்வி நீளுது, கணக்கு சுலபம்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்

தம்பி, சுலபமாக்கணும் என்ற எண்ணம் சரி. ஆனால் உங்கள் ஒரு தசமத்தை வைத்துக் கழித்துப் பாருங்கள். முதல் பத்தாண்டு 18.3, அடுத்தது 18.2. அதாவது பத்து லட்சம் பேர் வித்தியாசம். தலைக்கணக்கு முழுசாகப் பார்த்தால் வித்தியாசம் சுமார் இரண்டு லட்சம்தான். நாம் சுருக்கியதால் பிறந்த வித்தியாசத்துக்குப் பிள்ளை உட்கார்ந்து காரணம் எழுதும். சுருக்க வேண்டுமானால் முழுக் கோடியாகவே சுருக்குங்கள்: 85, 103, 121. இரண்டுக்கும் 18 வரும், கேள்வியின் உயிர் போகாது.

1.77 சமாச்சாரம். ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தின் மேல்தான் கூடுகிறது, வட்டிக்கு வட்டி போல. 102.87 கோடியை வருடம் 1.77 சதவீதமாகப் பத்து வருடம் ஏற்றிப் பாருங்கள், 122.6 கோடிக்கு வந்து நிற்கும். கணக்கெடுப்பு சொன்னது 121.09. சரியான ஆண்டு வீதம் 1.64. பதினொன்றாம் வகுப்பில் அதைக் கையால் போடச் சொல்ல முடியாது, அதனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதே மேல்.

வியாசர்பாடி டியூஷன்

122.6 வருதுன்றது நானும் போட்டுப் பார்த்துட்டேன் சார், சரிதான். ஆனா "சராசரியாக, தோராயமாக"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா 1.77 கேட்கலாம்னுதான் இன்னும் நினைக்கிறேன். முழுக் கோடி யோசனையை எடுத்துக்கிறேன்.

காசிமேடு

டீச்சர், நான் டீச்சர் இல்ல, ஆனா பொண்ணு காமர்ஸ் குரூப்பு. அவளுக்கு நானே ஒரு டேபிள் போட்டுக் குடுத்தேன். மாசாமாசம் வஞ்சிரம் கிலோ என்ன வெல போச்சுன்னு, ஏல நோட்டுலேர்ந்து. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசம் வெல ஏறும், அப்புறம் எறங்கும். "மே மாசம் வெல ஏன் ஏறுச்சு?"ன்னு கேட்டேன். அவ "தடைக்காலம்"னு டக்குனு எழுதிட்டா. அவ வாத்தியார் அது தப்புன்ட்டார். எங்க தப்பு? இங்க சின்னக் கொழந்தைக்கும் தெரியுமே!

பெரம்பூர், ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்

பதில் தப்பில்லை ஐயா. உங்கள் அட்டவணையில் விலை மட்டும்தான் இருக்கிறது, கரைக்கு வந்த மீன் எவ்வளவு என்று ஒரு பத்தி இல்லை. காரணத்தை உங்கள் பெண் கடற்கரையிலிருந்து எடுத்திருக்கிறாள், அட்டவணையிலிருந்து அல்ல. ஏல நோட்டில் எத்தனை கூடை வந்தது என்று இருக்குமே, அதை இன்னொரு பத்தியாகச் சேருங்கள். வரத்து குறைந்த மாதமும் விலை ஏறிய மாதமும் பக்கத்தில் நின்றால் அவளே இரண்டையும் சேர்த்துக் காட்டுவாள். அப்போதும்கூட "தடைக்காலம்" என்பது வெளியிலிருந்து வருவதுதான். அட்டவணை "வரத்து குறைந்தது" வரைக்கும்தான் பேசும்.

காசிமேடு

கூடை கணக்கு இருக்கு. ஆனா வஞ்சிரம் தனியா எழுதி வெக்கல, எல்லா மீனும் ஒண்ணா இருக்கு. அது பரவால்லயா?

திருவொற்றியூர் டீச்சர்

அண்ணே, அப்போ விலையையும் எல்லா மீனுக்கும் சேர்த்து எடுத்துக்குங்க. மொத்த வரத்தையும் வஞ்சிரம் விலையையும் பக்கத்துல வெச்சா ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது.

வரைபடம் பத்தி யாரும் பேசலையேன்னு வந்தேன். இதே அட்டவணையிலிருந்து வளர்ச்சி வீதத்தை மட்டும் பட்டைப் படமா போட்டு எங்க வகுப்புல ஒட்டியிருந்தாங்க: 24.6, 23.9, 21.5, 17.7. செங்குத்து அச்சு 16-ல ஆரம்பம். முதல் பட்டை எட்டரைக் கட்டம் உயரம், கடைசிப் பட்டை ஒண்ணரைக் கட்டத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அஞ்சுல ஒரு பங்கா சுருங்கின மாதிரி கண்ணுக்குத் தெரியும். நிஜத்துல 17.7-ன்றது 24.6-ல பத்துல ஏழு பங்குக்கு மேல. நான் "2011-ல் என்ன நடந்தது?"ன்னு கேட்டேன். நாலஞ்சு பேர் "மக்கள்தொகை குறைந்தது"ன்னு எழுதினாங்க. குறையவே இல்ல, 18 கோடி கூடியிருக்கு.

அந்தப் படத்தைக் கிழிக்காம அதையே கேள்வி ஆக்கினேன். பக்கத்துல அட்டவணையையும் ஒட்டிட்டு, "படத்தைப் பார்த்து ஒருவர் மக்கள்தொகை குறைந்துவிட்டது என்கிறார். அவர் சொல்வதற்கு எதிரான எண்ணை அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டு"ன்னு. அப்புறம், "அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் கடைசிப் பட்டை முதல் பட்டையில் ஏறத்தாழ எத்தனை பங்கு?" சத்தமா சண்டை போட்டுக்கிட்டே செஞ்சாங்க.

இன்னொண்ணு. ஒரு பையன் அட்டவணையில 2021 வரியை நானே சேர்க்கவான்னு கேட்டான். 2021-ல கணக்கெடுப்பே நடக்கல, வலையில கிடைக்கிறதெல்லாம் கணிப்பு. எண்ணின எண்ணுக்குக் கீழ கணிச்ச எண்ணை ஒரே பத்தியில வெக்க வேணாம்னு சொன்னேன்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்

அந்தப் பையனிடம் இதையும் சொல்லலாம். மேலே உள்ள அட்டவணையிலும் ஒட்டு உண்டு. 1981-ல் அசாமிலும் 1991-ல் ஜம்மு காஷ்மீரிலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை, மதிப்பீட்டைச் சேர்த்துத்தான் 68.33-ம் 84.64-ம் வந்தன. நான் தாள் எழுதும்போது இதை அட்டவணைக்கு அடியில் குறிப்பாகப் போடுவேன். "1991 எண்ணில் ஒரு பகுதி மதிப்பீடு என்றால், பாதிக்கப்படுவது எந்தெந்தப் பத்தாண்டின் வீதம்?" என்று கேட்டால் பாதிப் பேர் ஒரு பத்தாண்டைத்தான் எழுதுவார்கள். முன்னதும் பின்னதும், இரண்டும்.

தண்டையார்பேட்டை டீச்சர்

எல்லாரும் சொன்னதை வெச்சு அஞ்சு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி தயாரிச்சு வகுப்புல கொடுத்துப் பார்த்துட்டேன். முழுக் கோடி எண்கள். (அ) கடைசி ரெண்டு பத்தாண்டிலும் கூடியது எவ்வளவு, (ஆ) வீதம் எவ்வளவு, (இ) வீதம் மாறினதுக்கு அட்டவணையிலேயே உள்ள காரணம். கூடவே ஒரு கண்ணியும் வெச்சேன்: "1961–1971 வளர்ச்சி வீதம் என்ன?" அட்டவணை 1971-ல தானே தொடங்குது, போட முடியாது. "1961 எண் கொடுக்கப்படவில்லை"ன்னு எழுதினவங்க கொஞ்சம் பேர்தான். நிறையப் பேர் 55-ஐ வெச்சு என்னமோ வகுத்து ஒரு சதவீதம் கொண்டுவந்துட்டாங்க.

இப்போ திருத்துறதுல ஒரு சிக்கல். ஒரு பொண்ணு (அ)-ல 103-லிருந்து 85-ஐக் கழிச்சு 28-னு போட்டுட்டா. அந்த 28-ஐ 85-ஆல வகுத்து (ஆ)-ல 32.9, வகுத்த முறை சரி. (இ)-ல "அடிப்படை எண் பெரிசாயிடுச்சு"ன்னு சரியாவே எழுதியிருக்கா. எவ்வளவு போடுறது?

பெரம்பூர், ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர்

(அ)-வில் மட்டும் பிடியுங்கள். ஒரே தப்புக்கு இரண்டு தரம் தண்டனை வேண்டாம்.

திருவொற்றியூர் டீச்சர்

நான் ஒத்துக்க மாட்டேன் சார். 28-ம் 18-ம் கூடியிருக்குன்னு அவ கணக்கு சொல்லுது. அப்போ வீதம் இறங்கினதுக்கு முதல் காரணம் கூடினவங்களே குறைஞ்சதுன்னுதானே அவ எழுதியிருக்கணும்? அவ எண்ணுக்கு அவ பதில் பொருந்தல. (இ) மனப்பாடமா வந்திருக்கு.

தண்டையார்பேட்டை டீச்சர்

அதுதான் எனக்கும் உறுத்துது. தாளை இன்னும் திருப்பிக் கொடுக்கல.